அடர்த்தி 95 விழுக்காட்டில் நின்றுவிட்ட அலுமினா வில்லை: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழி

அலுமினாப் பொடியை அச்சில் அழுத்தி வில்லையாக்கி, 1550 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட்டபின் அடர்த்தியை அளந்தால், துளையே இல்லாத அலுமினாவின் அடர்த்தியில் 95 விழுக்காடு வருகிறது. போதவில்லை என்று அடுத்த வில்லையை 1650 டிகிரியில் நான்கு மணி நேரம் சுடுகிறோம். அடர்த்தி கிட்டத்தட்ட அசையவே இல்லை. உடைத்துப் பார்த்தால் குருணைகள், அதாவது வில்லை ஆகியிருக்கும் சிறு படிகங்கள், மட்டும் பல மடங்கு பெருத்திருக்கின்றன. திண்ம நிலைச் சின்டரிங்கில், அதாவது எதுவும் உருகாமல் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும் முறையில், இதைவிட அடிக்கடி வரும் குறை வேறில்லை எனலாம். வெப்பத்தைக் கூட்டுவது இதற்கு ஏன் மருந்தாகாது என்பதையும், அறிகுறியைப் பார்த்து எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதையும் இந்த ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்ந்து சொல்கிறேன்.

முதலில் ஆற்றல் கணக்கு

ஒரு கிராமுக்கு 10 சதுர மீட்டர் பரப்புள்ள பொடியை எடுத்துக்கொள்வோம். துகள்களைக் கோளங்களாகக் கொண்டால் அவற்றின் விட்டம் ஏறத்தாழ 0.15 மைக்ரோமீட்டர். அலுமினாவின் பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்குத் தோராயமாக 1 ஜூல் என்பதால், ஒரு கிராம் பொடியில் தேங்கியிருக்கும் பரப்பு ஆற்றல் வெறும் 10 ஜூல். ஒரு மோலுக்கு ஒரு கிலோஜூல் அளவு. வேதிவினைகளில் புழங்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். சின்டரிங்கின் இயக்குவிசை முழுவதும் இந்தச் சொற்பத் தொகைதான். வில்லை சுருங்கி இறுகுவதற்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். குருணைகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருப்பதற்கும் இதிலிருந்துதான் போகிறது.

பரப்பைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. துகளுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள பரப்பை அழித்து, அதனிடத்தில் ஆற்றல் குறைவான குருணை எல்லையை உண்டாக்குவது ஒரு வழி. அப்போது துளை மறைகிறது, அடர்த்தி ஏறுகிறது. துளைகளை அப்படியே விட்டுவிட்டுச் சிறு துகள்கள் கரைந்து பெருந்துகள்களோடு சேர்வது மற்றொரு வழி. இதிலும் பரப்பு குறைகிறது, ஆனால் வில்லையின் கனஅளவில் மாற்றம் இல்லை. செலவழிந்த பரப்பைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே இரண்டாம் வழியில் போன ஒவ்வொரு ஜூலும் அடர்வாக்கத்துக்குக் கிடைக்காமல் போன ஜூல்.

எந்த வழியில் போகிறது என்பதை, அணுக்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதே முடிவு செய்கிறது. இரு துகள்கள் தொடும் இடத்தில் ஒரு கழுத்து உருவாகிறது. அதன் குழிந்த வளைவு, சுற்றிலும் உள்ள அணுக்களைத் தன்பால் இழுக்கிறது. அந்த அணுக்கள் இரு துகள்களுக்கும் நடுவேயுள்ள குருணை எல்லையிலிருந்து கிளம்பி வந்தால், நடுவில் இருந்த பொருள் வெளியேறுவதால் துகள்களின் மையங்கள் நெருங்குகின்றன, வில்லை சுருங்குகிறது. அதே அணுக்கள் துகளின் வெளிப்பரப்பிலிருந்து பரப்பு விரவல் வழியே, அதாவது பரப்பின் மேலேயே இடம்விட்டு இடம் நகர்ந்து, வந்து சேர்ந்தால், கழுத்து தடிக்கும், வில்லைக்கு உறுதியும் வரும், மையங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கையில் எடுத்தால் உடையாத, அளந்தால் சுருங்காத வில்லை வருவது இதனால்தான்.

காரணம் தேடுமுன் மூன்று அளவுகள்

அடர்த்தி என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. திறந்த துளை எவ்வளவு, மூடிய துளை எவ்வளவு, குருணையின் அளவு என்ன என்ற மூன்றும் தெரிந்த பிறகே குறையைப் பிரித்தறிய முடியும்.

முதல் இரண்டும் ஆர்க்கிமிடிஸ் முறையில் ஒரே வேளையில் கிடைத்துவிடும். உலர்ந்த எடை D, நீரில் கொதிக்கவைத்தோ வெற்றிடத்தில் ஊறவைத்தோ துளைகளில் நீர் நிரம்பியபின் எடுத்த எடை W, நீருக்குள் தொங்கவிட்டு எடுத்த எடை S என்க.

```
அடர்த்தி = D / (W - S) × நீரின் அடர்த்தி
திறந்த துளை = (W - D) / (W - S)
```

நம் வில்லையில் D = 6.000 கிராம், W = 6.003 கிராம், S = 4.423 கிராம். நீரின் அடர்த்தி 0.997 என்று வைத்தால் வில்லையின் அடர்த்தி 3.79 கிராம்/கன செ.மீ. வருகிறது. துளையே இல்லாத அலுமினாவின் அடர்த்தி 3.98, எனவே சார்பு அடர்த்தி 95.1 விழுக்காடு. திறந்த துளை 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதமுள்ள 4.7 விழுக்காடும் வெளியுலகோடு தொடர்பற்ற மூடிய துளைகள். ஊறிய வில்லையை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கும்போது அழுத்தித் துடைத்தால் துளை நீரும் வந்துவிடும், ஒற்றாமல் விட்டால் மேல்நீரும் எடையில் சேரும். மூன்றாம் தசம இடத்தில் வரும் தகராறுகள் பெரும்பாலும் இந்தத் துணியில்தான் தொடங்குகின்றன.

குருணையை அளக்க, வில்லையை வெட்டி, கண்ணாடி போல மெருகேற்றி, சுட்ட வெப்பநிலையைவிட 50 முதல் 100 டிகிரி குறைவான வெப்பநிலையில் அரைமணி நேரம் மீண்டும் சூடாக்க வேண்டும். எல்லைகள் பள்ளமாகி நுண்ணோக்கியில் தெரியத் தொடங்கும். படத்தின் மேல் நேர்கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோடும் எத்தனை எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணி, சராசரி வெட்டு நீளத்தை 1.56ஆல் பெருக்கிக் குருணை விட்டமாகக் கொள்வது வழக்கம். துளைகள் எல்லையின் மேல் அமர்ந்திருக்கின்றனவா, குருணையின் வயிற்றுக்குள் கிடக்கின்றனவா என்பதை இந்தப் படத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், மற்ற எண்களை எல்லாம் சேர்த்து வைத்தாலும் இந்த ஒரு குறிப்புக்கு ஈடாகாது.

அறிகுறி 1: அடர்த்தி 90க்குக் கீழ், துளைகள் திறந்தவை, குருணைகள் சிறியவை

இது நோய்களில் எளியது. அடர்த்தி 92 விழுக்காட்டை நெருங்கும் வரை துளைகள் ஒன்றோடொன்று இணைந்த கால்வாய்களாகவே இருக்கும். W, D இரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு அதைக் காட்டிவிடும். குருணைகள் பெருக்காமலிருக்கும் வரை ஆற்றல் இருப்பில்தான் இருக்கிறது. ஆகவே இங்கு, இங்கு மட்டுமே, வெப்பநிலையை 50 டிகிரி கூட்டுவதோ நேரத்தை நீட்டுவதோ நியாயமான முதல் படி.

குருணைகள் சிறியவையாக இருந்தும் கூட்டிய வெப்பத்துக்கு அடர்த்தி அசையவில்லை என்றால், உடைந்த பரப்பைப் பாருங்கள். நன்கு இறுகிய தீவுகளும், அவற்றைச் சுற்றிப் பிறைநிலா வடிவில் இடைவெளிகளும் தெரிந்தால், பொடி கட்டிகளாகத் திரண்டிருந்தது என்று பொருள். கட்டிக்குள் துகள்கள் நெருக்கமாக இருப்பதால் அது தன் போக்கில் முந்திச் சுருங்கி, சுற்றியுள்ள பகுதியிலிருந்து பிய்த்துக்கொண்டு விலகிவிடுகிறது. அந்தப் பிறை இடைவெளி பல குருணைகள் சூழ்ந்த பெருந்துளையாக நிற்கும்.

இத்தகைய பெருந்துளை ஏன் தானாகச் சுருங்காது என்பது கவனிக்கத்தக்கது. துளையின் சுவரும் குருணை எல்லையும் சந்திக்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட கோணம் அமைந்தாக வேண்டும்; அது பரப்பு ஆற்றலுக்கும் எல்லை ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தால் வருவது. சில குருணைகள் மட்டும் சூழ்ந்த சிறுதுளையில், இந்தக் கோணத்துக்கு இணங்க ஒவ்வொரு சுவரும் துளையிலிருந்து வெளிப்பக்கமாக, குருணையை நோக்கிப் புடைக்கும், அது சுருங்கும். இருபது முப்பது குருணைகள் சூழ்ந்த பெருந்துளையில் அதே கோணத்தைக் காக்கச் சுவர்கள் எதிர்ப்பக்கமாக வளைந்தாக வேண்டியிருக்கிறது. அது சுருங்க முனையாது. 0.5 மைக்ரோமீட்டர் குருணைகளுக்கு நடுவே 5 மைக்ரோமீட்டர் துளை இருந்தால் அது இந்த வகை. குருணைகள் பெருத்தால் துளையைச் சூழும் எண்ணிக்கை குறைந்து அதுவும் சுருங்கத் தொடங்கும் என்பது உண்மையே. சிலர் இதைச் சொல்லிக் குருணை வளர்ச்சியை வரவேற்பதும் உண்டு. ஆனால் அந்த நிலை வருவதற்குள் சுருங்கும் வேகம் எவ்வளவு வீழ்கிறது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கும்போது, அந்த வரவேற்பு தானாக அடங்கிவிடும். கட்டிகளை உலைக்கு வருமுன்பே உடைப்பதுதான் வழி: பொடியைத் தக்க பரவலாக்கியோடு நீரில் அல்லது ஆல்கஹாலில் கலக்கி, அதே அலுமினாவால் ஆன உருண்டைகளைக் கொண்டு அரைத்து, கட்டிகள் அடியில் படிய விட்டு, மேலே மிதக்கும் நுண்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரப்பு விரவலுக்கு வேண்டிய வெப்பநிலை, எல்லை வழி விரவலுக்கு வேண்டியதைவிடக் குறைவு. வில்லையை 800 முதல் 1100 டிகிரி வரையிலான பகுதியில் ஆமை வேகத்தில் சூடேற்றினால், சுருக்கம் தொடங்குமுன்பே துகள்கள் தடித்து, பரப்பு ஆற்றல் வீணாகிவிடும். பசைப்பொருள் எரிந்து வெளியேறும் 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரியாகவும், அதற்குமேல் உலையும் வில்லையும் தாங்குமானால் 10 டிகிரியாகவும் ஏற்றுவது நல்லது.

அறிகுறி 2: அடர்த்தி 94 முதல் 96, துளைகள் மூடியவை, குருணைகள் பெரியவை

நம் வில்லையின் நிலை இதுதான். 1550 டிகிரியில் சுட்டதில் குருணை 2 மைக்ரோமீட்டர். 1650 டிகிரியில் சுட்டதில் 15 மைக்ரோமீட்டர், துளைகளில் பெரும்பாலானவை குருணைகளுக்கு உள்ளே.

இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. முதலாவது, சுருங்கும் வேகம் சரிந்தது. துளையை நிரப்ப வரும் அணுக்கள் குருணை எல்லையிலிருந்து கிளம்ப வேண்டும் என்றோம். குருணை பெருத்தால் அவை கடக்க வேண்டிய தொலைவும் கூடுகிறது, எல்லையின் மொத்த அளவும் குறைகிறது, இழுக்கும் வளைவும் தணிகிறது. மூன்றும் சேர்ந்து, எல்லை வழி விரவலில் சுருங்கும் வேகம் குருணை அளவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும், படிகத்தின் உள்வழி விரவலில் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் குறைகிறது. 1950இல் ஹெர்ரிங் வகுத்த அளவு விதி இதுவே. குருணை 0.5 மைக்ரோமீட்டரிலிருந்து 2 மைக்ரோமீட்டருக்கு வளர்ந்தால் நான்கு மடங்குதானே என்று தோன்றும். வேகமோ 4இன் நான்காம் அடுக்கு, அதாவது 256 மடங்கு குறைந்துவிட்டது. முன்பு ஒரு மணி நேரத்தில் நடந்த சுருக்கத்துக்கு இப்போது பத்து நாளுக்கு மேல் வேண்டும். உலையை 100 டிகிரி கூட்டி இந்த 256ஐ ஈடுகட்ட நினைத்தால், அதே வெப்பம் குருணை எல்லைகளின் ஓட்டத்தையும் கூட்டிவிடுகிறது.

இரண்டாவது, எல்லைகள் துளைகளை விட்டு ஓடிவிட்டன. ஒவ்வொரு குருணை எல்லையும் தன் வளைவின் மையத்தை நோக்கி நகர முயல்கிறது. துளைகள் அதன் மேல் அமர்ந்திருக்கும் வரை அவை நங்கூரங்கள். துளைகள் கால்வாய்களாக இணைந்திருந்த காலத்தில் இந்தப் பிடி மிக வலுவாக இருக்கும்; அதனால்தான் 90 விழுக்காடு வரை குருணை பெரிதாக வளர்வதில்லை. 92ஐத் தாண்டியதும் கால்வாய்கள் துண்டாகித் தனித்தனித் துளைகளாகிவிடுகின்றன, பிடி தளர்கிறது. அடர்த்தியைக் கிடை அச்சிலும் குருணை அளவை நெடு அச்சிலும் வைத்து வரைந்தால், கோடு இந்த இடம் வரை ஏறக்குறையத் தரையோடு வந்து, பிறகு சடாரென்று மேலே எழும்பும்.

தனித்த துளையும் எல்லையோடு சேர்ந்து நகர முடியும். ஒரு பக்கச் சுவரிலுள்ள அணுக்கள் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் துளை இடம் பெயரும். துளை சிறியதாக இருந்தால் இது விரைவாக நடக்கும். பரப்பு விரவலால் நகரும் துளையின் நகர்திறன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால், துளை இரட்டிப்பானால் பதினாறு மடங்கு மந்தமாகிவிடும். ஓடும் எல்லைக்கு ஈடுகொடுக்க முடியாத நொடியில் துளை பின்தங்கி, குருணைக்குள் சிக்கிக்கொள்கிறது. அங்கிருந்து அருகிலுள்ள எல்லை பல மைக்ரோமீட்டர் தள்ளி. படிகத்தின் ஊடாக மட்டுமே விரவல் நடக்க வேண்டும். நடைமுறையில் அந்தத் துளை நிரந்தரம்.

ஆகவே நுண்ணோக்கிப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. துளைகள் இன்னும் எல்லைகளில்தான் இருக்கின்றன என்றால், அந்த வில்லையையே குறைந்த வெப்பநிலையில் நீண்ட நேரம் வைத்து ஓரளவு மீட்கலாம். குருணைக்குள் போய்விட்டன என்றால், அந்த வில்லையோடு போராட வேண்டாம். பொடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பெருத்த குருணைகள் எல்லாம் ஒரே அளவில் உள்ளனவா என்பதையும் பாருங்கள். 2 மைக்ரோமீட்டர் குருணைகளுக்கு நடுவே, நேரான விளிம்புகள் கொண்ட 30, 40 மைக்ரோமீட்டர் பலகைகள் சில கிடந்தால், அது இயல்புமீறிய குருணை வளர்ச்சி. அலுமினாவில் இதற்குப் பெரும்பாலும் சிலிக்காவும் கால்சியமும் காரணம். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளே போதும், அவை எல்லைகளில் கூடி மெல்லிய கண்ணாடிப் படலமாகிச் சில எல்லைகளை மட்டும் வழுக்கி ஓட விடுகின்றன. அரைக்கும் உருண்டை, குழாய் நீர், உலையின் காப்புச்சுவரிலிருந்து உதிரும் தூசி ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் சந்தேகிக்கலாம்.

அலுமினாவுக்கு அறியப்பட்ட மருந்து மக்னீசியா என்னும் மக்னீசியம் ஆக்சைடு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் கோபிள், சிறிதளவு மக்னீசியா சேர்த்து ஹைட்ரஜனில் சுட்ட அலுமினாவை ஒளி புகும் அளவுக்குத் துளையற்றதாக்கினார். சோடிய ஆவி விளக்கின் குழாய் அதிலிருந்து வந்தது. மக்னீசியம் எல்லைகளில் தங்கி அவற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது. எல்லா எல்லைகளையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகர வைத்து, பலகைக் குருணைகள் தலைதூக்காமல் செய்கிறது. எடையில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு போதும். அதைச் சீராகக் கலப்பதில்தான் பாடு. 100 கிராம் அலுமினாவுக்கு வேண்டிய 0.05 கிராம் மக்னீசியாவைப் பொடியாகப் போட்டால் அது சில இடங்களில் குவிந்து, சில இடங்களில் இல்லாமலே போகும். அதனால் 0.32 கிராம் மக்னீசியம் நைட்ரேட் எக்சாஹைட்ரேட்டை எத்தனாலில் கரைத்து, அலுமினாவை அதில் கலக்கி, கிளறிக்கொண்டே உலர்த்தி, 600 டிகிரியில் நைட்ரேட்டைச் சிதைத்துவிடுவது நல்லது. கிளறாமல் உலரவிட்டால் உப்பு மேலோட்டில் வந்து சேர்ந்து, செய்த வேலை வீணாகும்.

அடுத்தது, வெப்பநிலையை ஏற்றாமல் இறக்கும் பழக்கம். 0.15 மைக்ரோமீட்டர் தூய பொடி, கட்டிகள் இல்லாமல், சுடுவதற்கு முன்புள்ள பச்சை அடர்த்தி 55 விழுக்காட்டுக்கு மேல் வருமாறு அழுத்தப்பட்டிருந்தால், 1400 முதல் 1450 டிகிரிக்குள் 98 விழுக்காட்டைத் தாண்டிவிடும். 1550 தேவையே இல்லை. 55 விழுக்காட்டுப் பச்சை வில்லை 20 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாக இருந்தால், 95 விழுக்காட்டில் அது 16.67 மில்லிமீட்டராகவும் 99 விழுக்காட்டில் 16.44 மில்லிமீட்டராகவும் சுருங்கியிருக்கும். நாம் துரத்திக்கொண்டிருப்பது கடைசி 0.23 மில்லிமீட்டரைத்தான். அதற்காக 1350, 1400, 1450 டிகிரிகளில் தலா இரண்டு மணி நேரம் மூன்று வில்லைகளைச் சுட்டு, மூன்றின் அடர்த்தியையும் குருணையையும் மேலே சொன்ன வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கோடு எங்கே மேல்நோக்கித் திரும்புகிறதோ அதற்குச் சற்றுக் கீழே நிறுத்தி, நேரத்தை நீட்டுங்கள்.

இதே எண்ணத்தின் முதிர்ந்த வடிவம்தான் சென், வாங் இருவரும் 2000இல் இட்ரியா என்னும் இட்ரியம் ஆக்சைடில் காட்டிய இருபடிச் சின்டரிங். முதலில் சற்று உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றி, துளைகள் சுருங்க முனையும் நிலைக்கு வந்தவுடன், அங்கே நிற்காமல் நூறு டிகிரிக்கு மேல் இறக்கி, பல மணி நேரம் வைத்திருப்பது அது. அந்தத் தாழ்ந்த வெப்பநிலையில் எல்லை வழியே அணுக்கள் பாய்கின்றன, எல்லை நகர்வதில்லை. அலுமினாவில் இதற்கான வெப்பநிலைச் சாளரம் குறுகியது, ஒவ்வொரு பொடிக்கும் தனியே தேட வேண்டியது. கட்டிகளைச் சரிசெய்யாதவர்கள் முதலிலேயே இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி 3: அடர்த்தி ஏறி, நீண்ட நேரம் வைத்தபின் மீண்டும் இறங்குகிறது

இரண்டு மணி நேரத்தில் 97.5, பத்து மணி நேரத்தில் 96.8 என்று வந்தால் முதலில் தராசைச் சந்தேகிப்பது இயல்பு. தராசு சரியென்றால் குற்றவாளி துளைக்குள் அடைபட்ட வாயு.

துளை மூடிக்கொள்ளும்போது உலையில் இருந்த வாயுவும் உள்ளே மாட்டிக்கொள்கிறது. துளையைச் சுருக்கும் அழுத்தம், பரப்பு ஆற்றலின் இருமடங்கை ஆரத்தால் வகுத்தது: 0.1 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு 20 மெகாபாஸ்கல், 1 மைக்ரோமீட்டருக்கு 2, 10 மைக்ரோமீட்டருக்கு 0.2 மட்டுமே. துளை சுருங்கச் சுருங்க உள்ளேயுள்ள வாயு இறுகி எதிர்த்துத் தள்ளும். இரண்டும் சமமான இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மூடிய 1 மைக்ரோமீட்டர் ஆரத் துளை 0.22 மைக்ரோமீட்டர் வரை சுருங்கும். முதலில் இருந்த கனஅளவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் மிஞ்சும், கவலை இல்லை. கட்டிகளால் வந்த 10 மைக்ரோமீட்டர் ஆரத் துளையோ 7 மைக்ரோமீட்டரிலேயே நின்று, மூன்றில் ஒரு பங்குக் கனஅளவை அப்படியே வைத்துக்கொள்ளும்.

நிற்பது மட்டுமானால் அடர்த்தி இறங்காது. இறங்குவதற்கும் குருணை வளர்ச்சியே காரணம். குருணைகள் மறையும்போது அவற்றின் மூலைகளில் இருந்த துளைகள் எல்லைகளோடு இழுபட்டுவந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. சமநிலையில் உள்ள இரண்டு சம துளைகள் சேர்ந்தால், வாயுவின் அளவு இரட்டிப்பாகிறது, புதிய துளையின் ஆரம் பெரிது என்பதால் அதை அமுக்கும் அழுத்தம் குறைவு, வாயு விரிகிறது. கணக்குப் போட்டால் ஆரம் 1.41 மடங்காகவும், கனஅளவு 2.83 மடங்காகவும் வரும். இரண்டு துளைகள் தனித்தனியே இருந்தபோது 2 பங்கு இருந்த இடம், சேர்ந்தபின் 2.83 பங்கு. வில்லை உள்ளிருந்து உப்புகிறது.

ஆகவே வைப்பு நேரத்தைக் குறைப்பதும், குருணையைக் கட்டுப்படுத்துவதும் இங்கும் முதல் மருந்து. அடுத்தது, சுடும் சூழலை மாற்றுவது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அலுமினாவின் ஊடாக ஓரளவு வெளியேற முடியும். நைட்ரஜனும் ஆர்கானும் முடியாது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்பதால், காற்றில் சுட்டால் அதுதான் தங்கும். வெற்றிட உலை கிடைத்தால் அடைபட வாயுவே இருக்காது.

வெப்ப சமச்சீர் அழுத்த உலையில் 100 முதல் 200 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தம் கொடுத்து எஞ்சிய துளைகளை மூடிவிடலாம் என்று சொல்வார்கள். சரிதான், இரண்டு நிபந்தனைகளோடு. துளைகள் மூடியவையாக இருக்க வேண்டும். W, D வேறுபாடு இருக்கும் வில்லைக்குள் ஆர்கான் நுழைந்துகொள்ளும், அழுத்தம் உள்ளும் புறமும் சமமாகி ஒன்றும் நடக்காது. துளைகள் எல்லையில் இருக்க வேண்டும். குருணைக்குள் சிக்கியவற்றுக்கு அந்த அழுத்தமும் மிக மெதுவாகவே உதவும். துளைக்குள் வாயு இருந்தபடியே அமுக்கி மூடிய வில்லையைப் பிறகு காற்றில் 1400 டிகிரிக்கு மீண்டும் சூடாக்கி ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்: S குறைந்திருந்தால், அமுக்கப்பட்ட வாயு தன் இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது.